'தாங்கள்' போட்டும் உத்தரவு மாதிரி இருக்கிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வேலைச் செய்திகள் எல்லாம் தமிழில்தான். சக நண்பன் ஒருவனுக்கு அடித்து வைத்திருந்த செய்தியையே மாற்றி, என்னைவிட ரொம்ப வருடம் மூத்த சக ஊழியர் ஒருவருக்கு அனுப்பினேன். 'நீ' வந்த இடத்தில் எல்லாம் 'தாங்கள்' என்றோ 'உங்கள்' என்றோ மாற்றிவிட்டேன். ஆனாலும் "எனக்கு ஆர்டர் போடுறீங்களா?" என்று பதில் வந்தது. நான் அனுப்பியது இதுதான்:

"வணக்கம் மேடம். தாங்கள் நேற்று அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் கூட்டுத்தொகையைத் தப்பாகப் போட்டிருக்கிறாய். உங்கள் கணக்கைத் தயவுசெய்து சரிபார்த்து மாலை 4 மணிக்குள் அனுப்பவும். புதிதாக வந்த இருவரும் தங்கள் பகுதியை முடித்துவிட்டார்கள். நாங்கள் நாளை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும்."

எங்கே தப்பு?

பதில்: முதலில் 'போட்டிருக்கிறாய்'. அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'நீ' என்ற சொல் உங்கள் செய்தியில் எங்கேயும் இல்லை, ஆனால் நீங்கள் அவரை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டீர்கள். தமிழ் வினைச்சொல்லின் வால் யார் செய்தார், அவருக்கு எவ்வளவு மரியாதை என்கிற இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. அதனால்தான் நாம் பாதி நேரம் நீ, நீங்கள் எதையும் சொல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறோம். பெயரை மாற்றிவிட்டு வாலை விட்டுவிட்டால் வால்தான் ஜெயிக்கும். படிக்கிறவர் முதலில் வந்த 'தாங்கள்' என்ற சொல்லை மறந்துவிடுவார், வாக்கியத்தின் கடைசியில் வந்த 'ஆய்' காதில் நின்றுவிடும்.

நான் செய்திகளைத் திருத்தும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சகாவுக்கு எழுதியதை மூத்தவருக்கு மாற்றும்போது கைகொடுக்கிற பழக்கம் ஒன்றுதான்: செய்தியை முன்னாலிருந்து படிக்காதீர்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். உங்கள் செய்தியில் அப்படிப் பார்த்தால் பார்த்தேன், போட்டிருக்கிறாய், அனுப்பவும், முடித்துவிட்டார்கள், கொடுக்க வேண்டும் என்று ஐந்துதான் தேறும் (வணக்கத்தை விட்டுவிடலாம்). இதில் 'பார்த்தேன்' உங்களைப் பற்றியது, 'முடித்துவிட்டார்கள்' வேறு யாரையோ பற்றியது, 'வேண்டும்' யாரையும் காட்டாத சொல். அந்த மூன்றையும் தொட வேண்டாம். மீதி இரண்டில்தான் மேடம் நேராக நிற்கிறார், இரண்டிலும் சறுக்கியிருக்கிறீர்கள்.

'வேண்டும்' மாதிரி இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. முடியும், தெரியும், இல்லை, -லாம் என்று முடிபவை, இவை எல்லாம் ஆளைக் காட்டாது. 'நீ வரலாம்', 'நீங்கள் வரலாம்' இரண்டிலும் வினை ஒன்றேதான். 'நீ அனுப்பிய கோப்பு', 'நீங்கள் அனுப்பிய கோப்பு' என்பதிலும் அப்படித்தான், 'அனுப்பிய' மாறுவதில்லை. உங்கள் முதல் வரி தப்பித்தது இதனால்தான். 'நேற்று அனுப்பினாய்' என்று முடித்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பீர்கள். இந்த மாதிரிச் சொல் உள்ள வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்றினால் போதும், அதுவும் உன், உனக்கு, உன்னால் என்று வேற்றுமை ஏறி ஒளிந்திருந்தால் அதையும் பிடித்து மாற்ற வேண்டும். மற்ற இடத்தில் சொன்னாய் சொன்னீர்கள் ஆக வேண்டும், சொல்வாய் சொல்வீர்கள் ஆக வேண்டும், 'மறக்காதே' என்று இருந்தால் 'மறக்காதீர்கள்'. இந்தக் கடைசிதான் அடிக்கடி விட்டுப்போகிறது, ஏனென்றால் அதில் 'ஆய்' இல்லை, கண் அதைத் தேடுவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதையெல்லாம் 'தேடி மாற்று' போட்டு ஒரே அடியில் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு தடவை நீளமான ஒரு செய்தியில் 'நீ' எல்லாவற்றையும் 'நீங்கள்' ஆக்கினேன், 'பழைய வரிசையை நீக்கிவிட்டேன்' என்று இருந்தது 'நீங்கள்க்கிவிட்டேன்' ஆகிவிட்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

சரி, இப்போது 'அனுப்பவும்'. "ஆர்டர்" என்று அவர் சொன்னது இதைத்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். 'அனுப்பு' மரியாதைக் குறைவு, 'அனுப்பவும்' மரியாதை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் நீ இல்லை, ஆய் இல்லை, ஏதோ அலுவலகக் கடிதத்தில் பார்த்த ஞாபகம் இருக்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. ஆனால் இந்த வடிவம் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். 'வரிசையில் நிற்கவும்.' 'காலணிகளை வெளியே விடவும்.' 'படிவத்தைப் பூர்த்தி செய்து கையொப்பமிடவும்.' எல்லாம் பலகையும் படிவமும். அங்கே எதிரில் குறிப்பிட்ட ஆள் என்று யாரும் இல்லை, யார் வந்து படித்தாலும் அவருக்கு அது பொருந்தும். அந்த ஆளில்லாத தன்மை பலகைக்கு நல்லது. தெரிந்த ஒருவருக்கு, அதுவும் மூத்தவருக்கு அனுப்பும்போது, அவரைப் பெயரில்லாத பொதுமக்களில் ஒருவராக நிறுத்திவிடுகிறது. அவர் வரிசையில் நிற்கிறார், பலகை பேசுகிறது. மேலே மணியையும் குறித்துவிட்டீர்கள், 'மாலை 4 மணிக்குள் அனுப்பவும்' என்றால் சுற்றறிக்கையேதான்.

'தயவுசெய்து' சேர்த்திருக்கிறீர்களே என்பீர்கள். அது இதைச் சரிசெய்யாது. 'தயவுசெய்து பொறுமையாக இருக்கவும்' என்று பலகையிலும்தான் எழுதுகிறார்கள். இன்னும் சொன்னால், தினமும் பழகுகிற இருவருக்குள் 'தயவுசெய்து' வந்தாலே ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுச் சலித்துப்போன குரல் கேட்கும். வால் சரியாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

அப்போது எது சரி? 'அனுப்புங்கள்' மோசமில்லை. எதிரில் ஒரு ஆள் இருக்கிறார், அவரை நீங்கள் பார்த்துப் பேசுகிறீர்கள் என்று அதில் தெரிகிறது. ஆனாலும் அது ஏவல்தான், மரியாதையான ஏவல். 'உட்காருங்கள்', 'சொல்லுங்கள்' என்று அவருக்கு வசதியான ஒன்றைச் சொல்லும்போது அது இனிமையாக இருக்கும். அவருக்கு வேலை வைக்கும்போது கொஞ்சம் உறுத்தும். அந்த இடத்தில் 'தா' என்ற வினையைப் பின்னால் ஒட்டிப் பாருங்கள்: 'பார்த்துத் தாருங்கள்', 'அனுப்பித் தாருங்கள்'. தருவது என்றால் பேசுகிறவனை நோக்கி வருவது, அதனால் இது எனக்காகச் செய்யும் உதவி என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதே இடத்தில் 'அனுப்பிக் கொடுங்கள்' என்றால் அந்த ஈரம் கொஞ்சம் குறைகிறது, குறைந்தபட்சம் என் காதுக்கு. தொல்காப்பியமே ஈ, தா, கொடு மூன்றையும் கேட்டு வாங்குகிறவரின் நிலையை வைத்துப் பிரித்திருக்கிறது: தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', சமமானவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. இன்றைக்கு யாரும் அலுவலகத்தில் 'ஈயுங்கள்' என்று எழுதப்போவதில்லை, 'கொடுங்கள்' என்றால் திமிர் என்றும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் 'கொடு' கொஞ்சம் மேலிருந்து வருகிறது என்கிற உணர்வு முழுதாகப் போய்விடவில்லை.

இன்னும் ஒரு படி இறங்க வேண்டுமானால் கேள்வியாக்குங்கள்: 'ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?' இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'உங்களால்' என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். 'பார்த்துச் சொல்ல முடியுமா?' என்பது வேண்டுகோள், 'உங்களால் பார்த்துச் சொல்ல முடியுமா?' என்பது சில காதுகளில் அவருடைய திறமையைப் பற்றிய சந்தேகம். கணக்கில் தப்பு என்று சொன்ன அடுத்த வரியில் அது வந்தால் கேட்கவே வேண்டாம். 'பார்ப்பீர்களா?' என்பதும் அப்படித்தான், நீங்கள் பார்க்க மாட்டீர்களோ என்று நினைத்தேன் என்கிற தொனி பின்னாலேயே வரும். இதெல்லாம் ரொம்பவே நுணுக்கமாகப் பார்ப்பது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எழுத்தில் முகம் தெரியாது, சிரிப்பு தெரியாது, படிக்கிறவர் தன் மனநிலைக்கு ஏற்ற குரலை அதில் ஏற்றிக்கொள்கிறார்.

'-அவும்' எழுதவே கூடாதா என்றால், எழுதலாம். பத்துப் பதினைந்து பேருக்குப் போகும் அறிவிப்பில், ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதும் குறிப்பில் அதுதான் பொருத்தம், அங்கே 'திறந்து தாருங்கள்', 'சேமித்துத் தாருங்கள்' என்று போட்டால் சிரிப்பார்கள்.

அடுத்து, 'தாங்கள்'. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை எடுத்துவிட்டு 'நீங்கள்' என்றே போடுவேன். அழைப்பிதழ், விண்ணப்பம், முன்பின் தெரியாத பெரிய பதவிக்காரருக்கு எழுதும் கடிதம், அங்கெல்லாம் தாங்கள் நன்றாக உட்காரும். தினமும் பத்து முறை செய்தி போய் வருகிற ஒருவரிடம் அது மரியாதையைவிடத் தூரத்தைத்தான் காட்டும். சில சமயம் கிண்டலாகக்கூடத் தெரியும். இன்னொன்று, 'தாங்கள்' என்று ஆரம்பித்தால் அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். நீங்கள் 'தாங்கள்' என்று ஆரம்பித்து இரண்டு வரி தள்ளி 'உங்கள் கணக்கை' என்று வந்துவிட்டீர்கள். தாங்கள் என்றால் தங்கள், தங்களுக்கு, தங்களிடம் என்றே போக வேண்டும். வினை மட்டும் நீங்களுக்கு வருவதுதான்: 'தாங்கள் அனுப்பினீர்கள்'. இதில் பயந்துபோய் 'தாங்கள் அனுப்பினார்கள்' என்று எழுதுகிறவர்களும் உண்டு, அப்போது எதிரில் இருக்கிறவர் காணாமல் போய் வேறு யாரோ சிலர் அனுப்பியதாக ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் நான்காவது வரியில் இருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். 'புதிதாக வந்த இருவரும் தங்கள் பகுதியை முடித்துவிட்டார்கள்.' யார் பகுதியை? அந்த இருவரும் அவரவர் பகுதியைத்தான் முடித்தார்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். ஆனால் மேடத்தை 'தாங்கள்' என்று கூப்பிட்டுவிட்ட பிறகு, 'தங்கள் பகுதி' என்றால் 'உங்கள் பகுதி' என்றும் படிக்கலாம். அதாவது நேற்று வந்த இரண்டு பேர் அவருடைய வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்! கணக்குத் தப்பு என்று சொன்ன கையோடு இப்படி ஒரு வரி வந்தால் யாருக்குமே சுருக்கென்றுதான் இருக்கும். தன், தங்கள் என்பவை எழுவாயைத் திரும்பிச் சுட்டும் சொற்கள், அந்த வேலைக்கு அவை எப்போதும் தேவைப்படும். அதே சொல்லை மரியாதைக்கும் வைத்துக்கொண்டால் இரண்டும் மோதும் இடம் எப்படியும் வரும். 'நீங்கள்' போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 'நீர்' என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், சில வட்டாரப் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது, ஆனால் மற்றவர்களுக்கு அது பழைய நாடக வசனம் மாதிரியோ அதட்டல் மாதிரியோதான் கேட்கும்.

கடைசி வரியிலும் ஒன்று இருக்கிறது, அது மரியாதைப் பெயரே இல்லை, ஆனாலும் மரியாதையைக் கெடுக்கிறது. 'நாங்கள் நாளை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும்.' நாங்கள் என்றால் கேட்கிறவர் அதில் இல்லை. அவர் போட்ட கணக்கு, அவர் அனுப்பிய கோப்பு, கொடுக்கப்போவது மட்டும் 'நாங்கள்'. 'நாம்' என்றால் அவரும் உள்ளே வந்துவிடுவார். நாம், நாங்கள் இரண்டுக்கும் வினை முடிவு ஒன்றே (கொடுத்தோம், கொடுப்போம்), அதனால் வினையைப் பார்த்து இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது, பெயரைத்தான் பார்க்க வேண்டும். எப்போதும் நாம் போடலாமா என்றால் அதுவும் இல்லை. தப்பு நடந்ததைச் சொல்லும்போது 'நாம் தவறவிட்டோம்' என்று எழுதினால் அவரையும் இழுத்து உள்ளே போடுகிறீர்கள், நீங்களும் உங்கள் சகாக்களும் விட்டதாக இருந்தால் அங்கே 'நாங்கள்' என்று எழுதுவதுதான் நேர்மை. வேலையும் பலனும் சேர்ந்து என்றால் நாம், பழி நம் பக்கம் மட்டும் என்றால் நாங்கள்.

இதையெல்லாம் போட்டு உங்கள் செய்தியை நான் எழுதினால் இப்படி வரும்:

"வணக்கம் மேடம். நீங்கள் நேற்று அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகை எனக்கு வேறு மாதிரி வருகிறது. கோப்பில் 4,860 என்று இருக்கிறது, நான் கூட்டினால் 4,680. ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? மாலை 4 மணிக்குள் கிடைத்தால் நாளை நாம் வாடிக்கையாளரிடம் கொடுக்க வசதியாக இருக்கும். புதிதாக வந்த இருவரும் அவர்கள் பகுதியை முடித்துவிட்டார்கள்."

எண்கள் நான் சும்மா போட்டவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வேறு. 'தப்பாகப் போட்டிருக்கிறாய்' என்பதை 'தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்' என்று மட்டும் மாற்றியிருந்தால் இலக்கணம் சரியாகியிருக்கும், ஆனால் விரல் இன்னும் அவரையே நீட்டிக்கொண்டிருக்கும், மரியாதையாக நீட்டும், அவ்வளவுதான். அதனால் எழுவாயையே மாற்றிக் கூட்டுத்தொகையை முன்னால் நிறுத்தினேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் யாருடைய தப்பு என்று யாரும் சொல்லவே தேவையில்லை, ஒருவேளை நீங்கள் கூட்டியதுதான் தப்பாக இருந்தாலும் அசிங்கப்பட வேண்டியதில்லை. நேரத்தையும் ஏவலில் வைக்காமல் 'கிடைத்தால்' என்று தள்ளிவைத்தேன், '4 மணி' அப்படியேதான் இருக்கிறது. மரியாதைக்காகக் கெடுவை மறைக்காதீர்கள், அப்புறம் ஐந்தரைக்கு அனுப்பிவிட்டு 'நீங்கள் நேரம் சொல்லவில்லையே' என்பார், அவர் மேல் குறை சொல்ல முடியாது.

அவர் உங்களுக்கு எழுதிய பதிலையும் பாருங்கள்: 'போடுறீங்களா'. கோபத்திலும் உங்களுக்கு 'ங்க' கொடுத்திருக்கிறார், பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறார். ஆகவே நீங்களும் 'நீங்க நேத்து அனுப்புன ஃபைலைப் பாத்தேன் மேடம், ஒருதடவை பாத்துச் சொல்ல முடியுமா?' என்று எழுதினால் தப்பே இல்லை, மரியாதை 'ங்க'விலேயே முழுசாக இருக்கிறது. ஒரே செய்தியில் 'தாங்கள்' என்று ஆரம்பித்து 'பாத்தீங்களா' என்று முடிக்காமல் இருந்தால் போதும். ஆனால் அவர் சொன்னதை வேறொருவருக்கு எழுத்துத் தமிழில் எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. பேச்சில் 'மேடம் சொன்னாங்க' என்போம், அதை அப்படியே 'மேடம் சொன்னார்கள்' ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பில்லை என்றாலும் பல பேர் சேர்ந்து சொன்ன மாதிரி இருக்கும். எழுத்தில் 'மேடம் சொன்னார்' போதும். 'ஆர்' ஆணுக்கு மட்டும் உரியது இல்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது, அவருக்கு ஒரு வரி பதில். விளக்கம் எல்லாம் வேண்டாம், வேறொருவருக்கு எழுதியதை மாற்றும்போது சரியாகப் பார்க்கவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, மேலே உள்ள செய்தியைக் கீழே போட்டுவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் கை தானாக 'மன்னிக்கவும்' என்று அடிக்கப் போகும். அதுவும் '-அவும்'தான். எல்லோரும் எழுதி எழுதித் தேய்ந்துபோன சொல், யாரும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 'அனுப்பவும்' என்பதற்காகக் கேட்கிற மன்னிப்பு இது, அதனால் இந்த ஒரு தடவை 'மன்னித்துவிடுங்கள் மேடம்' என்றே எழுதுங்கள்.